டோக்கன் ப்ராபபிலிட்டி 0.97ன்னா மாடல் 97% சரின்னு அர்த்தமா?

"கஸ்டமர் மெசேஜ்களை டெலிவரி, ரீஃபண்ட், பொருள்ல குறைன்னு மூணா பிரிக்க ஒரு எல்எல்எம் யூஸ் பண்றேன். எவ்வளவு உறுதின்னு 0-100க்குள்ள சொல்லுன்னு கேட்டா எல்லாத்துக்கும் 90, 95ன்னே சொல்லுது. டோக்கன் ப்ராபபிலிட்டி பாருன்னு ஒருத்தர் சொன்னார். அதை எப்படி எடுக்கறது, 0.97ன்னு வந்தா அப்படியே நம்பி ஆட்டோமேட்டிக்கா அனுப்பிடலாமா?"

அப்படியே நம்பி அனுப்பாதீங்க, ஆனா அந்த நம்பரை தூக்கியும் போட வேண்டாம், அதுல நிறைய விஷயம் இருக்கு. மாடல் பதிலை டோக்கன்ங்கற சின்னச் சின்னத் துண்டா எழுதும், அந்த 0.97 சொல்றது "இந்த இடத்துல அடுத்து வரப்போற டோக்கன் இதுதான்"னு மாடல் வெச்சிருக்கிற வெயிட், அவ்வளவுதான். "பதில் சரியா இருக்க 97% வாய்ப்பு"ன்னு அது சொல்லல. முதல்ல சொன்னதை ரெண்டாவதா மாத்தறதுக்கு கொஞ்சம் வேலை இருக்கு, அந்த வேலையில பாதி லேபிளை எப்படி வெக்கறீங்கங்கறதுல இருக்கு, மீதி பாதி கையால லேபிள் பண்ணின ஒரு முன்னூறு மெசேஜ்ல இருக்கு.

வாயால கேட்டா ஏன் எல்லாத்துக்கும் 95ன்னு வருதுன்னா, அதுவும் மாடல் எழுதற இன்னொரு டெக்ஸ்ட்தான், மனுஷங்க எழுதினதுல 90, 95 மாதிரி நம்பர்தான் அடிக்கடி வரும், அதனால அங்கேயே போய் குவியுது. டோக்கன் ப்ராபபிலிட்டி அப்படி எழுதி வர்றது இல்ல, மாடல் ஒவ்வொரு டோக்கனையும் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி உள்ளே கணக்குப் போட்டு வெச்சிருக்கிறது, அதை வெளிய எடுத்துப் பார்க்கறோம்.

எடுக்கறது சுலபம். மூணு லேபிளுக்கும் `A`, `B`, `C`ன்னு ஒத்தை எழுத்து குடுங்க, ப்ராம்ப்ட்ல "ஒரே ஒரு எழுத்து மட்டும் எழுது, வேற எதுவும் வேண்டாம்"னு சொல்லுங்க, ஒரே ஒரு டோக்கன் மட்டும் வாங்குங்க:

```python
r = client.chat.completions.create(
    model=MODEL, messages=messages,
    max_tokens=1, temperature=0,
    logprobs=True, top_logprobs=10,
)
for t in r.choices[0].logprobs.content[0].top_logprobs:
    print(repr(t.token), t.logprob)
```

வர்ற `logprob`, அதாவது லாக்ப்ராப், ப்ராபபிலிட்டியோட இயற்கை மடக்கை, அதனால `exp(logprob)` போட்டா ப்ராபபிலிட்டி கிடைக்கும். 0ன்னா 1, -0.105ன்னா 0.90, -0.69ன்னா பாதி, -2.3ன்னா 0.10, -4.6ன்னா 0.01. இந்த நாலஞ்சு நம்பர் மனசுல இருந்தா லிஸ்ட்டை பார்த்த உடனே புரிஞ்சிடும். `repr` போடச் சொன்னது சும்மா இல்ல, முன்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியணும், ஏன்னு இப்போ பார்க்கலாம்.

"பாக்ஸ் வந்துச்சு ஆனா உள்ள ஜார் உடைஞ்சிருக்கு, பணம் எப்போ திரும்ப வரும்?"னு ஒரு மெசேஜ், `A` டெலிவரி, `B` ரீஃபண்ட், `C` பொருள்ல குறை. லிஸ்ட் இப்படி வருதுன்னு வெச்சுக்கங்க:

```
'B'    -0.51   -> 0.600
'C'    -1.24   -> 0.289
'A'    -3.30   -> 0.037
' B'   -3.73   -> 0.024
'The'  -4.20   -> 0.015
'b'    -5.12   -> 0.006
```

இதுல மேல இருக்கிற 0.600ஐ மட்டும் எடுத்துட்டு போறவங்கதான் அதிகம், அது தப்பு. `'B'`, ஸ்பேஸோட வர்ற `' B'`, சின்ன எழுத்து `'b'` மூணும் மாடலுக்கு மூணு தனித்தனி டோக்கன், நமக்கு ஒரே பதில். அதனால கூட்டுங்க: 0.600 + 0.024 + 0.006 = 0.630. `C` 0.289, `A` 0.037. மூணையும் கூட்டினா 0.956 வருது, மிச்சம் இருக்கிற 0.044 நம்ம லேபிளுக்கு வெளிய போயிருக்கு, அதுல `The`ங்கறது "The answer is..."ன்னு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கப் பார்க்குது. இப்போ மூணையும் 0.956ஆல வகுத்தா `B` 0.66, `C` 0.30, `A` 0.04. இதுதான் நீங்க வெச்சுக்க வேண்டிய நம்பர்.

அந்த 0.956ஐயும் தனி காலமா சேவ் பண்ணி வெச்சுக்கங்க, ப்ளீஸ், இதை யாரும் பண்றதில்ல. ஒரு மெசேஜுக்கு லேபிள்களோட கூட்டுத்தொகை 0.5க்கு வந்துடுச்சுன்னா மாடல் உங்க கேள்விக்கு பதில் சொல்ற மூடுலயே இல்ல, மன்னிப்பு கேட்கவோ விளக்கம் குடுக்கவோ கஸ்டமருக்கு பதில் எழுதவோ ஆரம்பிக்குது, அந்த நிலையில மிச்ச பாதியை வகுத்து பெருக்கி 0.9 ஆக்கினா அந்த 0.9க்கு மதிப்பு இல்ல. பொதுவா இது ப்ராம்ப்ட் கோளாறு, ஒண்ணு ரெண்டு உதாரணம் சேர்த்தாலே 0.98, 0.99க்கு வந்துடும். அவுட்புட்டை கட்டாயமா `A`, `B`, `C`க்குள்ள அடைக்கற செட்டிங் போட்டிருந்தா இந்த அறிகுறி கண்ணுக்கே தெரியாம போகலாம், அதனால முதல் தடவை டெஸ்ட் பண்ணும்போது அதை ஆஃப் பண்ணிட்டு பாருங்க.

ஏன் ஒத்தை எழுத்துன்னு கேட்கலாம், லேபிளை தமிழ்லயே "டெலிவரி", "டேமேஜ்"னு எழுதச் சொன்னா என்னன்னு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், எல்லா மெசேஜுக்கும் முதல் டோக்கன் 0.99ன்னு வந்துச்சு, ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். அப்புறம்தான் உள்ள போய் பார்த்தா "டெலிவரி"யும் "டேமேஜ்"ஜும் ரெண்டுமே ட-ல ஆரம்பிக்குது, முதல் டோக்கன் அந்த ட மட்டும்தான், எந்த லேபிள்ங்கற முடிவு அதுக்கு அடுத்த டோக்கன்லதான் இருக்கு. ட மாதிரி எழுத்தும் சரி, அதோட சேர்ற கொம்பு மாதிரி குறியும் சரி, ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல மூணு பைட், க-ல இருந்து ஹ வரைக்கும் எல்லா மெய்யெழுத்துக்கும் முதல் ரெண்டு பைட் ஒண்ணே (`E0 AE`), பைட் பைட்டா வெட்டற பழைய டோக்கனைசர்கள்ல முதல் டோக்கன் அந்த பொதுவான பைட்டுகளாவே கூட இருக்கலாம். அப்போ 0.99ங்கறதுக்கு அர்த்தம் "நான் தமிழ்ல ஒரு எழுத்து எழுதப் போறேன்", அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

தமிழ் லேபிள்தான் வேணும்னா ஒவ்வொரு லேபிளையும் முழுசா மாடலுக்கு குடுத்து, அதோட எல்லா டோக்கன் லாக்ப்ராப்பையும் கூட்டி, மூணு கூட்டுத்தொகையை ஒப்பிடணும். மாடல் உங்க சொந்த மெஷின்ல ஓடுதுன்னா இது சுலபம், ஏபிஐ வழியான்னா எல்லா இடத்துலயும் முடியாது. ஒத்தை எழுத்துல இந்த தலைவலியே இல்ல. ஜேசான்ல பதில் வாங்கறவங்களுக்கும் இதே எச்சரிக்கை: லேபிள் உட்கார்ற அந்த ஒரு டோக்கனைத் தேடி எடுங்க, முழு ஜேசானோட சராசரி எடுக்காதீங்க, ப்ராக்கெட்டும் மேற்கோள் குறியும் எப்பவும் 1க்கு பக்கத்துலதான் இருக்கும், அது சேர்ந்தா எல்லாமே உறுதியா இருக்கிற மாதிரி தெரியும்.

ஒத்தை எழுத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்லிடறேன். சில மாடல்களுக்கு முதல்ல இருக்கிற ஆப்ஷன் மேல ஒரு சாய்வு, சிலதுக்கு கடைசி மேல, மெசேஜ்ல என்ன இருந்தாலும் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுக்கும். 2021ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இதுக்கு ஒரு எளிய வழி சொல்லுச்சு, மெசேஜ் இருக்க வேண்டிய இடத்துல `N/A`ன்னு வெறுமையா குடுத்து அப்போ லேபிள்கள் எப்படி பிரியுதுன்னு பார்த்து, அந்த சாய்வை கழிச்சுக்கறது. நான் அதை விட வரிசையை சுத்தி விடறதைத்தான் நம்பறேன்: அதே மெசேஜை மூணு தடவை அனுப்பணும், ஒவ்வொரு தடவையும் டெலிவரி, ரீஃபண்ட், குறை மூணும் இடம் மாறி `A`, `B`, `C`ல உட்காரணும், கடைசியில அர்த்தத்தை வெச்சு சராசரி. மூணு மடங்கு செலவு ஆகும், உண்மைதான், அதனால முதல்ல ஒரு 50 மெசேஜுக்கு மட்டும் பண்ணிப் பாருங்க, நம்பர் பெருசா ஆடலைன்னா விட்டுடலாம். ஆடுச்சுன்னா, அதுவும் 0.9ல இருந்த ஒண்ணு வரிசை மாத்தின உடனே 0.5க்கு விழுந்துச்சுன்னா, அந்த 0.9 மெசேஜை படிச்சு வந்தது இல்ல.

இப்போ உங்க 0.97க்கு வர்றேன். நம்பர் சுத்தமா வந்துடுச்சு, அது நிஜத்தோட ஒத்துப்போகுதான்னு பார்க்க ஒரே வழிதான் இருக்கு, ஒரு 300 மெசேஜை மாடல் சொன்னதை பார்க்காம ஒரு ஆள் உட்கார்ந்து கையால லேபிள் பண்ணணும். பார்க்காமங்கறது முக்கியம், மாடலோட பதிலை பக்கத்துல வெச்சுக்கிட்டு லேபிள் பண்ணினா சந்தேகமான இடத்துல நம்ம கையும் அது பக்கமே போயிடும். அப்புறம் மாடல் குடுத்த நம்பரை வெச்சு கட்டு கட்டா பிரிச்சு, ஒவ்வொரு கட்டுலயும் எத்தனை சரின்னு எண்ணுங்க. கணக்கு புரியறதுக்காக ஒரு உதாரணம்:

```
0.95 மேல      200 மெசேஜ்   176 சரி   88%
0.80 - 0.95    40 மெசேஜ்    30 சரி   75%
0.60 - 0.80    35 மெசேஜ்    21 சரி   60%
0.60 கீழ       25 மெசேஜ்    11 சரி   44%
```

இதுல ரெண்டு விஷயம் தனித்தனியா பார்க்கணும். மேல இருந்து கீழ வர வர சரியான சதவீதம் இறங்கிக்கிட்டே வருது, அதாவது மாடலுக்கு எது கஷ்டம்னு தெரிஞ்சிருக்கு, வரிசை சரி. ஆனா மேல் கட்டுல 0.95க்கு மேல சொல்லிட்டு 88தான் வந்திருக்கு, அதாவது அளவு தப்பு, கூட சொல்லுது. வரிசை சரி அளவு தப்புங்கறது சரி பண்ணக்கூடிய நோய். வரிசையே தப்பா இருந்து, எல்லா கட்டுலயும் 80, 80, 79ன்னு வந்தா இந்த நம்பரால பிரயோஜனமே இல்ல, ப்ராம்ப்டையோ மாடலையோ மாத்தணும்.

கட்டுல ஆள் கம்மியா இருக்கும்போது அவசரப்படாதீங்க. 40 மெசேஜ்ல 75%ன்னா நிஜம் ஏறக்குறைய 62ல இருந்து 88 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், 200ல 88%ன்னா 83.5ல இருந்து 92.5 வரைக்கும். நடுக் கட்டுகளை பத்தி ஏதாவது முடிவு எடுக்கணும்னா அந்த ரேஞ்சுல வர்ற மெசேஜ்களை தேடி எடுத்து இன்னும் ஒரு நூறு லேபிள் பண்ணுங்க.

ஏன் கூட சொல்லுதுன்னா அதுக்கு ஒரு பெரிய காரணம், நாம பேசற சாட் மாடல்கள் எல்லாம் முதல்ல வெறும் டெக்ஸ்ட்ல பயிற்சி எடுத்து, அப்புறம் மனுஷங்களோட விருப்பத்துக்கு ஏத்த மாதிரி பதில் சொல்ல திரும்ப பழக்கப்பட்டதுங்க. ஜிபிடி-4 பத்தி 2023ல ஓபன்ஏஐ வெளியிட்ட டெக்னிக்கல் ரிப்போர்ட்லயே ரெண்டு படம் பக்கத்து பக்கத்துல இருக்கு, பழக்கறதுக்கு முன்னாடி மாடல் சொன்ன நம்பரும் நிஜமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல இருந்துச்சு, பழக்கினதுக்கு அப்புறம் கோட்டை விட்டு நல்லாவே விலகிடுச்சு. எதை எழுதணும்னு தீர்மானமா பழக்கும்போது 0.7 இருந்த இடம் 0.95 ஆயிடலாம், அறிவு மாறல, குரல் மட்டும் உரக்க ஆயிடுச்சு.

இதை சரி பண்ண டெம்பரேச்சர் ஸ்கேலிங்னு ஒண்ணு இருக்கு, நியூரல் நெட்வொர்க் கேலிபரேஷன் பத்தி 2017ல வந்த ஒரு பேப்பர் இதை பிரபலமாக்குச்சு, ரொம்ப எளிமை. லேபிள்களோட லாக்ப்ராப்பை எல்லாம் ஒரே நம்பர் `T`ஆல வகுத்துட்டு திரும்ப கூட்டுத்தொகை 1 வர்ற மாதிரி பண்ணணும். `T` 2ன்னு வெச்சுக்கங்க, 0.97, 0.02, 0.01 இருந்தது ஒவ்வொண்ணும் வர்க்கமூலம் ஆகி 0.985, 0.141, 0.100 ஆகும், கூட்டினா 1.226, வகுத்தா 0.80, 0.12, 0.08. ஜெயிச்ச லேபிள் மாறவே மாறாது, எவ்வளவு உறுதிங்கறது மட்டும் இறங்குது. ஏபிஐல போடற `temperature`க்கும் இதுக்கும் குழப்பிக்காதீங்க, இது பதில் வந்ததுக்கு அப்புறம் நாம வெளிய போடற கணக்கு. உங்க 300 மெசேஜுக்கு எந்த `T` பொருந்துதுன்னு தேடறது இவ்வளவுதான்:

```python
import numpy as np

def nll(T, L, y):
    z = L / T
    lp = z - np.log(np.exp(z).sum(axis=1, keepdims=True))
    return -lp[np.arange(len(y)), y].mean()

T = min(np.arange(0.5, 6, 0.1), key=lambda t: nll(t, L, y))
```

`L`ங்கறது ஒரு மெசேஜுக்கு ஒரு வரி, மூணு லேபிளோட லாக்ப்ராப், அதாவது மேல கூட்டி எடுத்த நம்பரோட `np.log`, `y` கையால போட்ட சரியான லேபிளோட இண்டெக்ஸ். ஏதாவது லேபிள் முதல் பத்துல வரவே இல்லைன்னா அதுக்கு பூஜ்யம்னு போட்டுடாதீங்க, பூஜ்யத்தோட லாக் மைனஸ் முடிவிலி, கணக்கு உடைஞ்சிடும், அந்த லிஸ்ட்லயே கடைசியா இருக்கிறதோட லாக்ப்ராப்பை போடுங்க. 200 மெசேஜ்ல `T` கண்டுபிடிச்சு மீதி 100ல கட்டு கட்டா மறுபடி எண்ணிப் பாருங்க, பொருத்தின அதே மெசேஜ்ல சரிபார்த்தா எப்பவும் நல்லாத்தான் தெரியும்.

இதுக்கு அப்புறமும் பிடிபடாத ஒரு தப்பு இருக்கு, அதுதான் என்னை ரொம்ப படுத்தினது. "ஆப்ல என் பேரை எப்படி மாத்தறது?"னு ஒருத்தர் கேட்கறார், இது டெலிவரியும் இல்ல ரீஃபண்டும் இல்ல, ஆனா மூணையும் கூட்டினா 1 வந்தே ஆகணும், அதனால எங்கயாவது போய் விழுந்துதான் ஆகணும், சில சமயம் 0.95ஓட விழும். எந்த `T` போட்டாலும் இது சரியாகாது. `D` "மேல சொன்ன எதுவும் இல்ல"ன்னு ஒரு நாலாவது லேபிள் கண்டிப்பா வேணும், அதுக்கான மெசேஜ்கள் உங்க 300லயும் இருக்கணும்.

இன்னொரு பக்கம், குறைவான நம்பர் வந்தா மாடலுக்கு தெரியலைன்னே எடுத்துக்க வேண்டாம். அந்த உடைஞ்ச ஜார் மெசேஜை திரும்ப பாருங்க, `B` 0.66, `C` 0.30. நீங்க ரெண்டு பேர்கிட்ட குடுத்தாலும் ஒருத்தர் ரீஃபண்ட்னுவாங்க, ஒருத்தர் பொருள்ல குறைன்னுவாங்க, ரெண்டுமே அந்த மெசேஜ்ல இருக்கு. இங்க மாடல் தடுமாறல, உங்க லேபிள் விதிதான் "ரெண்டும் இருந்தா எதுல போடணும்"னு சொல்லாம விட்டிருக்கு. 0.7க்கு கீழ வந்ததை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து வரிசையா படிச்சீங்கன்னா பாதிக்கு பாதி இப்படித்தான் இருக்கும்னு என் அனுபவம், "பணம் கேட்டா எப்பவும் ரீஃபண்ட்"னு ப்ராம்ப்ட்ல ஒரு வரி சேர்த்தா அதுல நிறைய மேல ஏறிடும்.

"முதல்ல யோசி, அப்புறம் பதில் சொல்லு"ன்னு ப்ராம்ப்ட் போடறவங்களுக்கு இந்த முறை அப்படியே வேலை செய்யாது. மாடல் நாலு வரி எழுதி "ஆகவே இது ரீஃபண்ட் தொடர்பானது"ன்னு தானே முடிச்சுட்டா அதுக்கு அப்புறம் வர்ற `B` 0.999தான் இருக்கும், அது மேல எழுதினதை காப்பி அடிக்குது, சந்தேகம் எல்லாம் அந்த நாலு வரிக்குள்ள எங்கயோ முடிஞ்சு போச்சு. அங்க கொஞ்சம் டெம்பரேச்சர் வெச்சு பத்து தடவை ஓட்டி, பத்துல எத்தனை தடவை `B` வந்துச்சுன்னு எண்ணறதுதான் வழி, பத்து மடங்கு செலவு. யோசிச்சு பதில் சொல்ற மாடல்கள் பலதுல லாக்ப்ராப்பே குடுக்கறதில்ல. மூணு நாலு வகையா மெசேஜ் பிரிக்கற வேலைக்கு யோசிக்கறது பெரும்பாலும் தேவையே இல்ல, நேரா ஒத்தை எழுத்து வாங்குங்க.

சொந்த மெஷின்ல ஹக்கிங்ஃபேஸ் வெச்சு ஓட்டறீங்கன்னா ஒரு குழி: `generate`ல `do_sample=True`ஓட `output_scores=True` போட்டா வர்றது டெம்பரேச்சர், `top_k`, `top_p` எல்லாம் போட்டு வெட்டினதுக்கு அப்புறம் இருக்கிற நம்பர், சில லேபிள் `-inf`ஆ இருக்கலாம், மிச்சம் இருக்கிறது ஊதிப்போய் இருக்கும். `return_dict_in_generate=True`வோட `output_logits=True` போடுங்க, அதுதான் மாடல் குடுத்த பச்சையான நம்பர், அதுக்கு `log_softmax` போட்டா லாக்ப்ராப் கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக்கா அனுப்பறதுக்கு கோடு எங்க போடறதுன்னா, ஒரு தப்பு உங்களுக்கு எவ்வளவு செலவுங்கறதை வெச்சு போடுங்க. டெலிவரி மெசேஜ் தப்பா ரீஃபண்ட் டீமுக்கு போனா அவங்க திருப்பி விடுவாங்க, அரை நாள் தாமதம், அதுக்கு ஸ்கேல் பண்ணின நம்பர் 0.8 போதும். பணம் தானா திரும்பப் போற மாதிரி வெச்சிருந்தா `B`க்கு மட்டும் தனியா 0.95க்கு மேல கோடு போடுங்க, அந்த கோட்டுக்கு மேல இருக்கிற `B` மெசேஜ்ல இன்னும் ஒரு நூறை லேபிள் பண்ணி எத்தனை தப்புன்னு எண்ணினதுக்கு அப்புறம் ஆன் பண்ணுங்க. மாடல் வெர்ஷன் மாறினாலோ ப்ராம்ப்ட்ல ஒரு வரி மாறினாலோ பழைய `T` செல்லாது, லேபிள் பண்ணின அந்த 300ஐ பத்திரமா வெச்சிருந்தா திரும்ப ஓட்டிப் பார்க்க பத்து நிமிஷம்தான்.